ஜிக்கர் கூடத்தில் காற்றோட்டம் கேட்டு நிர்வாகத்துக்குக் கடிதம்: புதிய தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு ஒரு வழிகாட்டி

"டையிங் பிரிவில் காற்றோட்டம் சரியில்லை, ஆவன செய்யவும்" என்று ஒரே வரியில் கடிதம் கொடுத்தால், பெரும்பாலும் இரண்டு பெடஸ்டல் ஃபேன் வந்து நிற்கும். கோரிக்கை நிறைவேறிவிட்டது என்று கோப்பிலும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த ஃபேன், இருக்கிற ஆவியையும் நெடியையும் கூடத்துக்குள்ளேயே சுற்றிவிடும். ஒரு கைப்பிடி ஆவியைக்கூட வெளியே அனுப்பாது. நிர்வாகத்தைக் கேட்டால் செய்துவிட்டோம் என்பார்கள். தொழிலாளியைக் கேட்டால் ஒன்றும் மாறவில்லை என்பார். இரண்டும் உண்மைதான். தவறு கடிதத்தில் இருக்கிறது.

இப்படி ஆகாமல் இருக்க ஒரு வழி உண்டு. குறையைச் சொல்லும் இடத்தில் அளந்த எண் இருக்க வேண்டும். கோரிக்கை வைக்கும் இடத்தில், வேலை முடிந்தபின் எந்த நிலை இருக்க வேண்டும் என்பது இருக்க வேண்டும். "இந்தக் கம்பெனியின் ஃபேன் நான்கு வாங்குங்கள்" என்று பிரதிநிதி எழுதக் கூடாது. வாங்கி மாட்டியும் சரியாகவில்லை என்றால், நீங்கள் கேட்டதைத்தானே செய்தோம் என்ற பதில் வரும். எதை வாங்குவது என்பது பொறியாளரின் வேலை. எந்த நிலைக்கு வர வேண்டும் என்று சொல்வது நம் வேலை.

இதை ஒரு உதாரணத்தை வைத்தே பார்ப்போம். பர்கூர் பக்கம் ஒரு சாயப்பட்டறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டன் துணிக்குச் சாயம் ஏற்றும் ஆறு திறந்த ஜிக்கர்கள் ஒரே கூடத்தில் ஓடுகின்றன. கூடம் 24 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். மேலே தகர ஷீட். கிழக்குச் சுவரில் 18 இஞ்ச் எக்ஸாஸ்ட் ஃபேன் நான்கு. மேற்குச் சுவரில் வரிசையாக ஜன்னல்கள், அவற்றை மறைத்து உப்பு மூட்டைகளும் சோடா ஆஷ் மூட்டைகளும். ஷிப்டுக்குப் பதினான்கு பேர்.

கடிதத்துக்கு முன்னால் செய்ய வேண்டியவை

முதலில் ஒரு வெள்ளைத்தாளில் கூடத்தின் படத்தைக் கையால் வரையுங்கள். ஜிக்கர்கள், கதவு, ஜன்னல், ஃபேன், ஸ்டீம் லைன், கலர் எடை போடும் மேஜை, ஹைட்ரோஸ் டிரம் எல்லாம் எங்கெங்கே இருக்கின்றன என்று குறியுங்கள். போட்டோ எடுக்கலாமே என்று தோன்றும். பல ஆலைகளில் உள்ளே செல்போனுக்குத் தடை உண்டு. தடையை மீறி எடுத்த ஒரு படம் போதும், பேச்சு காற்றோட்டத்திலிருந்து ஒழுங்கு நடவடிக்கைக்குத் திரும்பிவிடும். கைப்படம் போதும், அதில் அளவும் எழுத முடியும்.

அடுத்தது ஃபேன்கள். ஓடுகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், காற்றை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பாருங்கள். மெல்லிய டிஷ்யூ காகிதத்தை இரண்டு விரல் அகலத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கிழித்து, ஒரு குச்சியின் நுனியில் கட்டி, கூண்டுக்கு ஒரு அடி தள்ளி உள்பக்கமாகப் பிடியுங்கள். காகிதம் ஃபேனை நோக்கி இழுபட்டால் சரி. தொங்கிக்கொண்டே நின்றால் வெளிப்பக்க லூவர் அடைத்திருக்கிறது. காகிதம் உங்கள் முகத்தை நோக்கிப் பறந்தால் அந்த ஃபேன் வெளிக்காற்றை உள்ளே ஊதிக்கொண்டிருக்கிறது. த்ரீ பேஸ் மோட்டாரை ரீவைண்டிங் செய்து மாட்டும்போது பேஸ் மாறிப்போனால் இப்படி ஆகும். கண்ணுக்கு ஃபேன் நன்றாகச் சுற்றுவதுபோல்தான் தெரியும், அதனால் மாதக்கணக்கில் யாரும் கவனிப்பதில்லை. எலக்ட்ரீஷியன் மெயினை அணைத்துவிட்டு ஏதாவது இரண்டு பேஸ் வயர்களை மாற்றி மாட்டினால் தீர்ந்தது. இந்தச் சோதனைக்கு ஊதுபத்தி வேண்டாம். ஹைட்ரோஸ் ஈரம் பட்டால் தானே சூடாகித் தீப்பிடிக்கக்கூடியது, அது இருக்கிற கூடத்தில் நெருப்பு கூடாது.

நம் உதாரணத்தில் வரும் முடிவு இது. முதல் ஃபேன் மோட்டார் எரிந்து நிற்கிறது. இரண்டாவது சுற்றுகிறது, ஆனால் லூவர் பஞ்சும் பெயின்ட்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு திறப்பதே இல்லை. மூன்றாவது தலைகீழாக உள்ளே ஊதுகிறது. நான்காவது ஒன்றுதான் நன்றாக இழுக்கிறது, ஆனால் அது ஷட்டர் கதவுக்கு அருகில் இருக்கிறது. கதவு வழியாக வரும் நல்ல காற்றையே இழுத்து வெளியே தள்ளுகிறது. நடுவிலுள்ள ஜிக்கர்களின் ஆவி அசையாமல் நிற்கிறது.

எக்ஸாஸ்ட் ஃபேனைப் பற்றிப் பேசும் எல்லாரும் மறப்பது காற்று உள்ளே வரும் வழியை. வெளியே போகிற அளவுக்கு உள்ளே வர இடமில்லை என்றால் எத்தனை ஃபேன் போட்டாலும் அது சும்மா சுழலும். தெரிந்துகொள்வது எளிது: எல்லா ஃபேனும் ஓடும்போது கதவை ஒரு சாண் மட்டும் திறந்து பிடியுங்கள். கதவு கையை மீறி இழுத்தால், இடுக்கில் காற்று விர்ரென்று சத்தத்தோடு உள்ளே பாய்ந்தால், உள்வழி போதவில்லை. மேற்குச் சுவர் ஜன்னல்களை மறைத்து நிற்கும் உப்பு மூட்டைகள்தான் இங்கே காரணம்.

ஈர வெப்பநிலையை அளப்பது

உள்ளே புழுக்கம் என்றால் வெயில் காலம்தானே என்பார்கள். அதற்குப் பதில் சொல்ல இரண்டு தெர்மாமீட்டர் போதும். லேபுக்கு விற்கும் சாதாரண ஸ்பிரிட் தெர்மாமீட்டர், இரண்டும் ஒரே மாதிரி. முதலில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே அளவு காட்டுகிறதா என்று பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு வாங்குங்கள். பிறகு ஒன்றின் குமிழில் கஞ்சி போகத் துவைத்த மெல்லிய மல் துணியைச் சுற்றி, சுத்தமான தண்ணீரில் நனையுங்கள். இரண்டையும் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில், அதாவது ஏறத்தாழ நிற்பவரின் தோள் உயரத்தில், ஒரு சிறு ஃபேன் காற்றுப் படும்படி பிடியுங்கள். ஈரத் துணி சுற்றியது இறங்கி ஓரிடத்தில் நின்றதும் இரண்டையும் படித்து எழுதுங்கள். ஜிக்கரின் ஆவிக்கு நேர் மேலே பிடிக்காதீர்கள், ஆள் நிற்கும் இடத்தில் பிடியுங்கள். அதே நேரத்தில் வெளியே நிழலிலும் ஒரு அளவு எடுங்கள். அந்த இரண்டாவது அளவுதான் வெயில் காலம் என்ற பேச்சை முடித்துவைக்கும்.

உதாரணமாக, ஏப்ரல் மாதம் பகல் இரண்டு மணிக்கு வெளியே உலர் வெப்பநிலை 36, ஈர வெப்பநிலை 24 டிகிரி; அதே நேரத்தில் மூன்றாம் ஜிக்கர் பக்கத்தில் 38, 32. வெப்பம் இரண்டு டிகிரிதான் கூடியிருக்கிறது, ஈரமோ எட்டு டிகிரி. அந்த எட்டு டிகிரி வெயிலால் வந்ததல்ல, ஜிக்கர் ஆவி வெளியேறாததால் வந்தது. வியர்வை உலராமல் உடம்பு கொதிப்பதும் இதனால்தான். தொழிற்சாலைகளுக்கான மாதிரி விதிகள் இந்த உயரத்தில் ஈர வெப்பநிலை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றும், காற்று நிமிடத்துக்கு 30 மீட்டராவது நகர வேண்டும் என்றும், மின்விசிறியால் காற்றுத் தரும் இடத்தில் கூடத்தின் கொள்ளளவைப்போல் ஆறு மடங்காவது மணிக்கு மணி உள்ளே வர வேண்டும் என்றும் சொல்கின்றன. பேச்சுக்கு இந்த அளவுகோல் போதும்.

மூன்று நாட்கள், ஒவ்வொரு ஷிப்டிலும் இரண்டு முறை அளந்தால் நல்லது. இரவு ஷிப்டை விட்டுவிடாதீர்கள். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் மார்கழி, தை இரவுகளில் குளிர் தாக்குவதால் ஜன்னலையெல்லாம் சாத்திவிடுவார்கள். ஆவி குளிர்ந்த தகரத்தில் பட்டு நீர்த்துளியாகி, துருவோடு துணி மேல் சொட்டும். தூக்கிப் போடும் அந்தக் கறைத்துணி கணக்கு மடிப்புப் பிரிவில் இருக்கும். முறையாகக் கேட்டுப் பெற முடிந்தால் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். ஆட்களின் மூச்சுத் திணறலுக்கு அசையாத மேலாளர்கூட மறுசாயச் செலவுக்கு அசைவார். அது வருத்தமான விஷயம்தான், ஆனாலும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

நெடியை எழுதும் முறை

"கெமிக்கல் நெடி" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. எந்த வேலையின்போது, எந்த இடத்தில், எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். வாட் சாயத்துக்கும், ஏற்றிய சாயத்தை உரிப்பதற்கும் ஹைட்ரோஸ் போடும்போது மூக்கைக் குத்தும் நெடி வருவது கந்தக டை ஆக்சைடு. டிரம்மைத் திறந்தே வைத்தாலும் காற்றின் ஈரத்தில் அது வரும். ஹைட்ரோஸ் மிச்சமிருக்கும் பாத்தில் ஆசிட் விட்டால் மிக அதிகமாக வரும். தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் எட்டு மணி நேரச் சராசரிக்கு இதற்கு இருந்த அளவு பத்து லட்சத்தில் 2 பங்கு. இதைப் பிரதிநிதி அளக்க முடியாது, முகர்ந்து சோதிக்கவும் கூடாது. அளந்து தாருங்கள் என்று கேட்பதே கோரிக்கைகளில் ஒன்று.

ரியாக்டிவ் சாயப் பொடி வேறு விஷயம். எடை போடும்போது பறக்கும் பொடி சிலருக்கு ஆஸ்துமாவை உண்டாக்கும். வேலை நாட்களில் இளைப்பு, ஞாயிற்றுக்கிழமை குறைவு, திங்கள் மறுபடியும் என்று ஒருவர் சொன்னால் அதைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள், இஎஸ்ஐ மருத்துவரிடம் என்ன வேலை செய்கிறார் என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். ஆனால் கடிதத்தில் யார் பெயரும் வேண்டாம். "பதினான்கு பேரில் ஐந்து பேர்" என்று எண்ணிக்கை போதும், அதையும் அவர்கள் ஒப்புக்கொண்டபின்தான் எழுத வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களும் ஒடிசா, பீகார் தம்பிகளும் இதில் முக்கியம். மருத்துவச் சீட்டில் பெயர் இருந்தால் அடுத்த மாதம் வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயப்படுவார்கள், அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது.

கடிதம்

ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். கைப்படமும் அளவுத் தாளும் இணைப்பாகப் போகட்டும். சட்டத்தை ஒரே வாக்கியத்தில் சொன்னால் போதும். பாதிக் கடிதம் பிரிவு எண்ணாக இருந்தால் மேலாளர் அதை வக்கீலுக்கு அனுப்புவார், மெயின்டனன்ஸுக்கு அனுப்பமாட்டார். யாரையும் குற்றம் சாட்டும் சொல் வேண்டாம். டையிங் மாஸ்டரும் அதே நெடியில்தான் நிற்கிறார்.

அனுப்புநர்: பணிக்குழுத் தொழிலாளர் பிரதிநிதி, டையிங் பிரிவு.
பெறுநர்: தொழிற்சாலை மேலாளர் அவர்கள்.
நகல்: மனிதவள அலுவலர், பாதுகாப்புக் குழுச் செயலாளர்.
பொருள்: ஜிக்கர் கூடத்தில் ஆவி, நெடி வெளியேறாதது, சரிசெய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

ஜிக்கர் கூடத்தில் ஏப்ரல் 8, 9, 10 தேதிகளில் மூன்று ஷிப்டிலும் எடுத்த அளவுகளை இணைத்துள்ளோம். 9ஆம் தேதி பகல் 2 மணிக்கு மூன்றாம் ஜிக்கர் அருகில் ஈர வெப்பநிலை 32 டிகிரி இருந்தது. அதே நேரத்தில் வெளியே 24 டிகிரிதான். நான்கு எக்ஸாஸ்ட் ஃபேன்களில் ஒன்று ஓடவில்லை, ஒன்றின் லூவர் திறக்கவில்லை, ஒன்று காற்றை உள்நோக்கித் தள்ளுகிறது. மேற்கு ஜன்னல்கள் மூட்டைகளால் மறைந்துள்ளன. ஹைட்ரோஸ் போடும் நேரங்களில் இரண்டாம், மூன்றாம் ஜிக்கர்களில் கண் எரிச்சலும் இருமலும் ஏற்படுகின்றன. ஷிப்டில் உள்ள 14 பேரில் 5 பேர் இதைத் தெரிவித்துள்ளனர்.

ஏழு நாட்களுக்குள்: ஃபேன் சுற்றும் திசையை மாற்றவும், லூவர்களைச் சுத்தம் செய்யவும், ஜன்னல் முன்னுள்ள மூட்டைகளை இடம் மாற்றவும், ஹைட்ரோஸ் டிரம்களை மூடி ஈரமில்லாத இடத்தில் வைக்கவும் கேட்டுக்கொள்கிறோம்.

முப்பது நாட்களுக்குள்: நின்றுபோன ஃபேனை மாற்றி, காற்று எதிர்ச்சுவரின் கீழ்ப்பகுதியிலிருந்து நுழைந்து ஜிக்கர்களைக் கடந்து வெளியேறும்படி அமைக்கவும், கந்தக டை ஆக்சைடு அளவைத் தகுதியுள்ள நிறுவனத்தைக் கொண்டு அளந்து முடிவை எங்களுக்குத் தரவும் வேண்டுகிறோம்.

தொண்ணூறு நாட்களுக்குள்: ஒவ்வொரு ஜிக்கருக்கும் மேல் கூம்புக்கூடும் கூரைக்கு மேல் போகும் குழாயும், சாயம் எடை போடும் மேஜைக்குத் தனி உறிஞ்சும் வசதியும் அமைக்க வேண்டுகிறோம்.

வேலை முடிந்தபின் அதே இடங்களில், ஆறு ஜிக்கரும் ஓடும்போது, ஈர வெப்பநிலை 30 டிகிரிக்குள் இருப்பதை இரு தரப்பும் சேர்ந்து அளந்து பதிவு செய்யக் கோருகிறோம். காற்றோட்டமும் நெடி நீக்கமும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 13, 14 பிரிவுகளில் இருந்த, இப்போது 2020ஆம் ஆண்டுப் பணிசார் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பின் 23ஆம் பிரிவில் உள்ள பொறுப்புகள் என்பதைப் பணிவுடன் நினைவூட்டுகிறோம்.

இது குறித்துப் பேச ஏழு நாட்களுக்குள் ஒரு நேரம் ஒதுக்கித் தரவும்.

இப்படிக்கு, கையெழுத்து, நாள்.

இரண்டு சட்டங்களையும் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. புதிய சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஆலை அலுவலகங்களில் இன்னும் பலர் பழைய பிரிவு எண்களில்தான் பேசுவார்கள். இரண்டும் இருந்தால் எந்தச் சட்டம் என்ற வாதத்தில் நேரம் போகாது.

இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் சீலும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வையுங்கள். முதல் கடிதத்திலேயே அரசு அலுவலகத்துக்கு நகல் போட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஏழு நாளில் செய்யக்கூடிய வேலையை நிர்வாகம் தானாகச் செய்ய ஒரு வாய்ப்புத் தர வேண்டும். ஆசிட் சேர்ந்து ஒருவர் மயங்கி விழுந்தது போன்ற நிலை என்றால் அது வேறு; அப்போது கடிதத்துக்குக் காத்திருக்காமல் உடனே வெளியேறி, மேலாளருக்கும் பாதுகாப்புக் குழுவுக்கும் அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

வரக்கூடிய பதில்கள்

முதலில் வருவது மாஸ்க். துணி மாஸ்க் கந்தக டை ஆக்சைடு வாயுவைத் தடுக்காது. என்95 சாயப் பொடிக்கு உதவும், வாயுவுக்கு உதவாது. மாஸ்க் தாருங்கள், ஆனால் அது காற்றோட்டத்துக்கு மாற்று ஆகாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள்.

அடுத்தது ஏர் கூலர். வறண்ட இடத்தில் நல்லது. ஏற்கெனவே ஈரத்தில் மூழ்கியிருக்கும் ஜிக்கர் கூடத்தில், ஆவி வெளியேற வழியில்லாமல் வைத்தால் இன்னும் ஈரத்தைத்தான் கொட்டும். கூரையில் காற்றில் சுழலும் டர்பைன் வென்டிலேட்டர் போடலாம் என்பார்கள். மின்சாரம் வேண்டாம் என்பது அதன் நன்மை, காற்று அசையாத நாளில் அது ஏறக்குறைய நின்றுவிடும் என்பது அதன் குறை. துணையாக இருக்கட்டும், அது மட்டும் போதாது.

செலவு என்று சொன்னால் கணக்கைக் காட்டுங்கள். கூடத்தின் கொள்ளளவு 24, 10, 5 மூன்றையும் பெருக்கினால் 1,200 கனமீட்டர். ஆறு மடங்கு என்றால் மணிக்கு 7,200. ஃபேனின் தகட்டில் மணிக்கு 4,800 கனமீட்டர் என்று இருந்தால், இருக்கிற நான்கும் சரியாக ஓடினாலே தாளில் 19,200 வரும், அதாவது பதினாறு மடங்கு. தகட்டில் உள்ளது தடையில்லாத காற்றுக்கான எண். லூவரும் வலையும் சேர்ந்தால் குறையும். அப்படியும் பெரிய ஃபேன் வாங்கும் முன், இருப்பதைச் சரிசெய்வதே முதல் லாபம். இந்த அளவு காற்று நிதானமாக நுழைய எதிர்ச்சுவரில் ஏறத்தாழ மூன்று சதுர மீட்டர் திறப்பு வேண்டும், அதற்கு மூட்டைகளை நகர்த்தினாலே பாதி வேலை முடிகிறது. ஜிக்கர் மேல் மூடி போட்டால் ஆவி குறையும், அதோடு கொதிகலனுக்குப் போகும் விறகும் குறையும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். புதிய குழாயின் வாய் பக்கத்து வீடுகளை நோக்கி இருந்தால் ஊரிலிருந்து புகார் வரும், ஃபேனை நிறுத்தச் சொல்வார்கள். உள்ளே வரும் காற்றின் வாய் கொதிகலன் புகைபோக்கிக்கோ, பிளீச்சிங் தொட்டிக்கோ அருகில் இருந்தால் ஒரு நெடிக்குப் பதில் இன்னொன்று. திட்டப்படத்தை வேலை தொடங்கும் முன் காட்டச் சொல்லுங்கள்.

ஏழு நாளில் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் நகலோடு ஒரு சிறு நினைவூட்டல் கொடுங்கள். முப்பது நாளிலும் அசைவில்லை என்றால் எல்லாப் பிரதிகளையும், பெற்றுக்கொண்ட கையெழுத்தோடு, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஓசூர் அலுவலகத்துக்கு அனுப்புங்கள். ஆய்வாளர் வரும் நாளில் ஜிக்கர் பாதிதான் ஓடும், கதவெல்லாம் திறந்திருக்கும். அதனால்தான் தேதி, மணி, எத்தனை ஜிக்கர் ஓடியது என்ற மூன்றையும் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் எழுதச் சொல்கிறோம். வேலை முடிந்ததும் நீங்கள் அளக்கும்போதும் ஆறு ஜிக்கரும் ஓட வேண்டும், ஷட்டர் வழக்கமாக இருக்கும் நிலையிலேயே இருக்க வேண்டும், இரவு ஷிப்டிலும் ஒருமுறை எடுக்க வேண்டும். அந்தத் தாளில் மெயின்டனன்ஸ் பொறுப்பாளரின் கையெழுத்தையும் வாங்குங்கள்.